கபாபில் நிறம் ‘அதிகமா’ என்று கேட்பதற்கு முன்

புணேயிலிருந்து அகமதுநகர் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் ரஞ்சன்காவ் இருக்கிறது. அஷ்டவிநாயகத் தலங்களுள் ஒன்றான மகாகணபதி கோயில் ஒருபுறம், எம்ஐடிசி தொழிற்பேட்டை மறுபுறம். ஷிப்ட் முடிந்து வெளியே வருவோரையும் கோயிலுக்கு வருவோரையும் நம்பித்தான் இத்தகைய ஊர்களின் மாலைநேரக் கடைகள் நடக்கின்றன: வடாபாவும் பஜ்ஜியும் ஜிலேபியும் ஒரு பக்கம், சிவக்கச் சிவக்கக் கோபி மஞ்சூரியனும் கபாபும் மறுபக்கம், கண்ணாடிப் பெட்டிக்குள் பச்சையும் இளஞ்சிவப்புமாகப் பேக்கரி கேக்குகள். இப்பகுதியில் பணிபுரியும் தமிழ் நண்பர்கள் சிலர், பிள்ளைகளுக்கு இவற்றை வாங்கிக் கொடுக்கும்போது எழும் ஐயத்தை என்னிடம் ஒரே கேள்வியாகக் கேட்டார்கள்: “இதில் போட்டிருக்கும் கலர் அதிகமா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?”

கேள்வி நியாயமானது. ஆனால் அது மூன்று கேள்விகளை ஒன்றாகக் கட்டிவைத்திருக்கிறது என்பது என் கருத்து. இந்தச் சாயம் உணவுக்கே உரியதா என்பது முதல் கேள்வி. உரியதென்றால், இந்தக் குறிப்பிட்ட உணவில் அதைச் சேர்க்கச் சட்டம் இடங்கொடுக்கிறதா என்பது இரண்டாவது. இவ்விரண்டுக்கும் ‘ஆம்’ என்று விடை வந்த பிறகே ‘எவ்வளவு’ என்னும் மூன்றாவது கேள்விக்குப் பொருளுண்டு. நாம் முதலிரண்டையும் தாண்டிக் குதித்து நேரே மூன்றாவதைக் கேட்கிறோம். அதனால்தான் நம் அச்சமும் அலட்சியமும் இரண்டுமே தவறான இடத்தில் போய் விழுகின்றன.

அண்டை மாநிலமான கர்நாடகத்தில் 2024ஆம் ஆண்டு நடந்தவை இம்மூன்று கேள்விகளையும் தனித்தனியே காட்டுகின்றன. மகாராஷ்டிரத்துக்கும் கர்நாடகத்துக்கும் உணவுப் பாதுகாப்புச் சட்டம் ஒன்றுதான். கடைகளின் பழக்கங்களும் பெரிதாக வேறுபடுவதில்லை. ஆகவே அங்கே கிடைத்த முடிவுகளை இங்கே ஊன்றிப் படிப்பது பயனுடையது.

அவ்வாண்டு பிப்ரவரியில் புதுச்சேரியும் அதைத் தொடர்ந்து தமிழ்நாடும் ரோடமின் பி கலந்த பஞ்சுமிட்டாயைத் தடைசெய்தன. மார்ச் 11ஆம் நாள் கர்நாடக சுகாதாரத் துறை அமைச்சர் தினேஷ் குண்டு ராவ் தம் மாநிலத்து ஆய்வு முடிவுகளை வெளியிட்டார். 171 கோபி மஞ்சூரியன் மாதிரிகளில் 107 பாதுகாப்பற்றவை. 25 பஞ்சுமிட்டாய் மாதிரிகளில் 15 பாதுகாப்பற்றவை. ஜூன் மாதத்தில் கபாப் வந்தது: 39 மாதிரிகளில் 8இல் செயற்கை நிறம் இருந்தது. சைவம், கோழி, மீன் ஆகிய எல்லாக் கபாப் வகைகளிலும் செயற்கை நிறத்துக்கு அதன்பின் தடை அறிவிக்கப்பட்டது. அக்டோபரில் கேக்: 235 மாதிரிகளில் 12 தேறவில்லை. இவை புகார்களும் ஐயங்களும் எழுந்த சூழலில் எடுத்த மாதிரிகள் என்பதால், மாநிலத்தின் எல்லாக் கடைகளுக்கும் இதே விகிதம் என்று கொள்ளக் கூடாது. நான் கவனிக்கச் சொல்வது எண்ணிக்கையை அன்று; எந்தச் சாயம் எந்த உணவில் பிடிபட்டது என்பதை.

பஞ்சுமிட்டாயில் பிடிபட்ட ரோடமின் பி துணிக்கும் காகிதத்துக்கும் ஏற்றும் சாயம். இந்தியச் சட்டம் அதை எந்த உணவிலும் அனுமதிப்பதில்லை. இங்கே முதல் கேள்வியிலேயே வழக்கு முடிந்துவிடுகிறது. கபாபில் கிடைத்தவையோ சன்செட் யெல்லோவும் கார்மோசினும். இவ்விரண்டும் இந்தியாவில் நெடுங்காலமாக உணவுக்கு அனுமதிக்கப்பட்ட எட்டுச் செயற்கை நிறங்களுள் அடங்கியவை. டார்ட்ராசின், சன்செட் யெல்லோ ஆகிய இரண்டும் மஞ்சள் பக்கம். கார்மோசின், பான்சோ 4ஆர், எரித்ரோசின் ஆகிய மூன்றும் சிவப்புப் பக்கம். இண்டிகோ கார்மைன், பிரில்லியண்ட் புளூ ஆகியவை நீலம். பாஸ்ட் கிரீன் பச்சை. பிறகு கபாப் ஏன் தேறவில்லை? இரண்டாவது கேள்வியில் தோற்றதால்.

கேக், பிஸ்கட், மிட்டாய், ஐஸ்கிரீம், இனிப்புவகைகள், பழரசப் பானங்கள் எனச் சட்டம் பெயர் சொல்லிக் குறித்த உணவுகளில்தான் இந்நிறங்களைச் சேர்க்கலாம். கடையில் சமைத்துச் சுடச்சுடப் பரிமாறும் உணவு ‘தயாரித்த உணவு’ என்னும் தனி வகையைச் சேர்ந்தது; அதில் செயற்கை நிறம் கூடாது. கர்நாடக அரசு கபாபுக்கான ஆணையில் சுட்டியதும் இந்த விதியைத்தான். ஆகவே கபாப், தந்தூரி, கோபி மஞ்சூரியன், பஜ்ஜி, பக்கோடா ஆகியவற்றைப் பொறுத்தவரை ‘அதிகம்’ என்ற சொல்லே பொருந்தாது. அனுமதித்த அளவு சுழியம்; இருந்தாலே மீறல். கடைக்காரர் “கொஞ்சம்தான் போட்டேன், அதுவும் ஃபுட் கலர்தான்” என்று சொல்வது இங்கே விடையாகாது. ஜிலேபியும் லட்டும் இனிப்புவகையைச் சேர்ந்தவையாதலால் அவற்றின் கணக்கு வேறு. அவை கேக்கோடு நிற்கும்.

கேக் மாதிரிகளில் தோற்றவை இருபதில் ஒன்றாகவும், கோபி மஞ்சூரியனில் ஐந்தில் மூன்றாகவும் இருந்ததற்கு இது ஒரு காரணம். கேக்கை அளவு கேட்டுச் சோதிக்கிறோம், மஞ்சூரியனை இருப்பு கேட்டுச் சோதிக்கிறோம். இதை அறியாதவர் ‘பேக்கரி நல்லது, தள்ளுவண்டி கெட்டது’ என்று முடிவுகட்டிவிடுவார். அது அவசரத் தீர்ப்பு.

இனி, கபாபில் சாயம் இருக்கிறதா என்பதை ஒருவர் தம் சமையலறையில் எவ்வளவு தூரம் கண்டுபிடிக்க முடியும் என்று பார்ப்போம். சிவப்பாக இருப்பதெல்லாம் சாயமன்று. காஷ்மீரி மிளகாயின் சிவப்பும் மஞ்சளின் பொன்னிறமும் எண்ணெயில் கரைபவை, நீரில் ஏறத்தாழக் கரையாதவை. அனுமதிக்கப்பட்ட செயற்கை நிறங்களோ நீரில் எளிதில் கரைபவை, எண்ணெயில் கரையாதவை. சோதனை முழுவதும் இந்த ஒரு வேறுபாட்டின்மேல் நிற்கிறது.

கபாபின் சிவந்த மேற்பகுதியிலிருந்து ஒரு தேக்கரண்டி அளவு சுரண்டி எடுத்து, வெள்ளைப் பீங்கான் கோப்பையில் அரைக் கோப்பை வெதுவெதுப்பான நீரில் இடுங்கள். கலக்காமல் பத்து நிமிடம் விடுங்கள். மிளகாயின் நிறமாக இருந்தால் மேலே செம்மஞ்சள் எண்ணெய்த் துளிகள் மிதக்கும். அடியிலுள்ள நீர் கலங்கலாக, மங்கிய பழுப்பாக இருக்கும். சாயமாக இருந்தால் துண்டிலிருந்து நிறம் புகைபோல் இறங்கி, நீர் முழுவதும் ஒரே சீராகத் தெளிந்த செம்மஞ்சளாகவோ சிவப்பாகவோ மாறும். அந்நீரில் ஒரு வெள்ளைக் காகிதக் கைக்குட்டையின் முனையை நனைத்தால் நிறம் நீரோடு சேர்ந்து மேலேறும்.

இதில் ஏமாற்றக்கூடிய இடம் பீட்ரூட். அதன் சிவப்பும் நீரில் கரையும். ஆனால் அது வெப்பம் தாங்காதது. வடிகட்டிய நீரைக் கால்மணி நேரம் கொதிக்கவிட்டால் பீட்ரூட் நிறம் மங்கிப் பழுப்பாகும். கார்மோசின் போன்றவை அசையாமல் நிற்கும். மஞ்சள் குறித்து ஐயமிருந்தால் நீரில் சிறிது சோப்போ சலவைச் சோடாவோ சேர்த்துப் பார்க்கலாம். மஞ்சள்தூள் செம்பழுப்பாக மாறும். டார்ட்ராசின் மஞ்சளாகவே இருக்கும்.

இன்னும் ஒரு படி மேலே செல்ல விரும்புவோருக்கு ஆய்வகங்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்தும் கம்பளிச் சோதனை இருக்கிறது. இச்சாயங்கள் அமிலச் சாயங்கள். புளிப்பான நீரில் கம்பளியின் புரதத்தோடு இறுகப் பற்றிக்கொள்ளும். வடிகட்டிய நிறநீரில் ஒரு கரண்டி வினிகர் விட்டு, வெள்ளைக் கம்பளி நூலைப் போட்டுப் பத்து நிமிடம் கொதிக்கவைத்து, பிறகு ஓடும் நீரில் கழுவுங்கள். நிறம் நூலில் அழுத்தமாக நின்றால் அமிலச் சாயம் என்ற ஐயம் வலுப்பெறும்; நூல் வெளுத்துவிட்டால் ஐயம் குறையும். இங்கே இரண்டு எச்சரிக்கைகள். கடையில் ‘உல்லன்’ என்று விற்பது பெரும்பாலும் அக்ரிலிக் இழை. அதில் இச்சாயங்கள் ஏறா, ஆகவே சாயமுள்ள கபாபும் நல்லதாகத் தோன்றிவிடும். நூலின் நுனியைக் கொளுத்திப் பாருங்கள்: உண்மைக் கம்பளி முடி கருகும் நாற்றம் தரும்; அக்ரிலிக் உருகி மணியாகத் திரளும். இரண்டாவது, மஞ்சளும் கம்பளியில் ஏறக்கூடியது. ஆகவே மஞ்சள் நிறம் நின்றால் சோப்பு நீரில் நனைத்துப் பாருங்கள். சிவந்தால் அது மஞ்சள்தான்.

கபாப் தின்றபின் சோப்புப் போட்டுக் கழுவியும் விரல் நுனியில் சிவப்பு நிற்பதன் காரணமும் இதுவே. நம் தோலும் கம்பளியும் ஒரே கெரட்டின் புரதத்தால் ஆனவை. மிளகாய் எண்ணெய் சோப்பில் போய்விடும். அமிலச் சாயம் அவ்வளவு எளிதில் போகாது. வேறெந்தச் சோதனையும் செய்ய நேரமில்லாதவர் இதை மட்டுமாவது கவனிக்கலாம். தந்தூரியைப் பொறுத்தவரை நிறத்தின் நடத்தையும் ஓரளவு சொல்லும். நெருப்பில் மிளகாயின் சிவப்பு கறுத்து மங்குவது இயல்பு. ஓரங்கள் கருகியிருக்க, நடுவில் மட்டும் பூவிதழ்போல் பளிச்சென்ற சிவப்பு மாறாமல் இருந்தால் அந்தச் சிவப்பு மிளகாயுடையதன்று என்று ஐயுறலாம். ஆனால் இறைச்சியின் உட்புறம் இளஞ்சிவப்பாக இருப்பதைச் சாயத்துக்குச் சான்றாகக் கொள்ளாதீர்கள். சரியாக வேகாத இறைச்சியும் அப்படியே இருக்கும், அதற்கான கவலை வேறு.

பஞ்சுமிட்டாயின் ரோடமின் பி இவற்றிலிருந்து விலகிய இனம். அதன் நீர்க் கரைசல், கள்ளநோட்டு பார்க்கும் புற ஊதா டார்ச்சின் ஒளியில் செம்மஞ்சளாக ஒளிரும். எரித்ரோசினும் ஓரளவு ஒளிரக்கூடியதாதலால் இதை முடிந்த தீர்ப்பாகக் கொள்ள முடியாது. ஆய்வகத்துக்கு அனுப்புவதற்குப் போதுமான காரணமாகக் கொள்ளலாம்.

இப்போது மூன்றாவது கேள்விக்கு, அதாவது அளவுக்கு வருவோம். இது கேக், ஜிலேபி, லட்டு, மிட்டாய் ஆகியவற்றுக்கு மட்டும் உரியது. இவற்றில் செயற்கை நிறங்களின் பொதுவான உச்சவரம்பு, உண்ணும் நிலையிலுள்ள உணவின் ஒரு கிலோவுக்கு 100 மில்லிகிராம். இரண்டு மூன்று நிறங்களைக் கலந்தாலும் மொத்தம் இந்த வரம்புக்குள் இருக்க வேண்டும் என்பதே இதன் நெடுங்காலப் பொருள்.

நூறு மில்லிகிராம் என்பது ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு. இரு விரல்களால் எடுக்கும் ஒரு சிட்டிகைப் பொடி, விரலையும் பொடியையும் பொறுத்துக் கால் கிராமிலிருந்து அரை கிராம் வரை வரும். அது தூய சாயமாக இருந்தால் ஒரு கிலோ கேக்கில் ஒரே சிட்டிகை வரம்பைப்போல் இரண்டரை மடங்கு முதல் ஐந்து மடங்கு வரை போய்விடும். கடையில் விற்கும் பொடிகள் பல, உப்போ சர்க்கரையோ சேர்த்து நீர்த்தவை. அவற்றில் சாயத்தின் பங்கு எவ்வளவு என்பது பொட்டலத்தின்மேல் அச்சிட்டிருக்க வேண்டும். நூற்றுக்குப் பத்துப் பங்கு சாயமுள்ள பொடியில் அதே சிட்டிகை 25 முதல் 50 மில்லிகிராம் சாயமே தரும்; வரம்புக்குள் வந்துவிடும். ஒரே கை, ஒரே சிட்டிகை. பொட்டலம் மாறினால் குற்றவாளியும் நிரபராதியும் இடம் மாறிக்கொள்கிறார்கள். அச்சு எதுவுமில்லாமல் காகிதத்தில் மடித்து விற்கும் பொடியை வாங்கும் பேக்கரிக்காரர் தாம் என்ன செய்கிறோம் என்று அறியும் வழியே இல்லாமல் வேலை செய்கிறார். ஆகவே வரம்பு மீறலின் முதற்காரணம் பேராசை என்பதைவிடச் சிட்டிகை என்றே நான் சொல்வேன்.

இதற்கான திருத்தம் மிக எளியது. சாதாரணச் சமையல் தராசு ஒரு கிராமுக்குக் கீழே நம்பகமாகக் காட்டாது. ஆகவே பொடியை நேரடியாக மாவில் போடக் கூடாது. பொட்டலத்தில் சாயத்தின் பங்கு நூற்றுக்குப் பத்து என்றிருந்தால், பத்துக் கிராம் பொடியைக் கொதித்து ஆறிய நீரில் கரைத்து 100 மில்லிலிட்டராக ஆக்க வேண்டும். அதில் சாயம் ஒரு கிராம். இப்போது ஒரு மில்லிலிட்டர் கரைசலில் சரியாகப் பத்து மில்லிகிராம் சாயம் இருக்கும். மருந்துக்கடையில் கிடைக்கும் ஊசியில்லாத பத்து மில்லிலிட்டர் சிரிஞ்சால் இதை அளந்து ஊற்றலாம். ஒரு கிலோ மாவுக் கலவை அடுப்பில் நீரிழந்து ஏறத்தாழ 900 கிராம் கேக்காக வெளிவரும் என்று கொண்டால், உச்சவரம்பு 90 மில்லிகிராம், அதாவது ஒன்பது மில்லிலிட்டர். பல பேக்கரிகள் தவறவிடும் இடம் இந்த நீரிழப்பு: மாவுக்குக் கணக்கிட்டுச் சரியாக நூறு மில்லிகிராம் சேர்த்தவரும் வெந்த கேக்கில் வரம்பைத் தாண்டிவிடுவார். நான்கைந்து மில்லிலிட்டரிலேயே கண்ணுக்குப் போதிய நிறம் கிடைத்துவிடுமாதலால் வரம்பின் விளிம்புக்குப் போகவேண்டிய தேவையே இல்லை. கரைசலைச் சிறிதளவாகக் கலந்து, குளிர்பெட்டியில் வைத்து, சில நாட்களுக்குள் தீர்த்துவிட வேண்டும்.

வாங்குபவர் இதே கரைசலைக் கொண்டு ஒப்பிட்டும் பார்க்கலாம். கேக்கில் உள்ளதைப் போன்ற நிறமுடைய, சாயத்தின் பங்கு அச்சிட்ட ஒரு பொட்டலத்தை வாங்கி, மேலே சொன்னவாறு கரையுங்கள். அக்கரைசலில் ஒரு மில்லிலிட்டரை ஒரு லிட்டர் நீரில் விட்டால் லிட்டருக்குப் பத்து மில்லிகிராம் கொண்ட ஒப்பீட்டு நீர் கிடைக்கும். இனி, கிரீம் இல்லாத கேக்கில் பத்துக் கிராம் எடுத்து உதிர்த்து, 100 மில்லிலிட்டர் வெதுவெதுப்பான நீரில் அரைமணி ஊறவிட்டு, மெல்லிய துணியால் வடிகட்டித் தெளியவையுங்கள். அந்தக் கேக்கில் கிலோவுக்கு 100 மில்லிகிராம் சாயம் இருந்து, அது முழுவதும் நீரில் இறங்கியிருந்தால், இந்த நீரும் ஒப்பீட்டு நீரும் ஒரே அழுத்தத்தில் இருக்கும். ஒரே வடிவக் கண்ணாடிக் குவளைகளில் ஒரே உயரத்துக்கு ஊற்றி, வெள்ளைத்தாள்மேல் வைத்து, மேலிருந்து பாருங்கள். கேக் நீர் அழுத்தமாக இருந்தால் அதில் பாதியை எடுத்து அதே அளவு வெறும் நீர் சேர்த்து மீண்டும் ஒப்பிடுங்கள். அப்போதும் அழுத்தமாக இருந்தால் வரம்பைப்போல் இரு மடங்குக்கும் மேல்.

இந்தச் சோதனையின் தீர்ப்பு ஒருபக்கமாக மட்டுமே செல்லும் என்பதை மறக்கக் கூடாது. மாவின் புரதமும் முட்டையின் புரதமும், கம்பளியைப் போலவே, சாயத்தின் ஒரு பகுதியைப் பிடித்துவைத்துக்கொள்ளும். வெறும் நீர் அதை முழுவதுமாக விடுவிக்காது. ஆகவே கேக் நீர் ஒப்பீட்டு நீரைவிட அழுத்தமாக இருந்தால் அளவு மீறியிருக்கிறது என்ற ஐயத்துக்கு வலுவான காரணமுண்டு. வெளிறி இருந்தால் ‘பாதுகாப்பானது’ என்று சொல்லிவிட முடியாது. ஆய்வகத்தார் அமோனியா சேர்த்த ஆல்கஹாலில் உணவை மணிக்கணக்கில் ஊறவைத்துச் சாயத்தைப் புரதத்திலிருந்து விடுவிப்பதும், பிறகு கம்பளியில் ஏற்றி இறக்கித் தூய்மையாக்கி, தாளில் ஓடவிட்டு இனங்கண்டு, நிறமானியில் அளப்பதும் இக்காரணத்தால்தான். வீட்டுச் சோதனை ஐயத்தைக் கூர்மையாக்கும், வழக்கை முடிக்காது.

வரம்பைத் தாண்டினால் உடம்புக்கு என்ன என்பதையும் அளவோடு பேசவேண்டும். உணவு மற்றும் வேளாண் அமைப்பும் உலக சுகாதார அமைப்பும் கூட்டாக நடத்தும் நிபுணர் குழு, வாழ்நாள் முழுவதும் நாள்தோறும் உட்கொண்டாலும் தீங்கில்லை என்று கருதும் அளவை ஒவ்வொரு சாயத்துக்கும் தனித்தனியே வகுத்திருக்கிறது. சன்செட் யெல்லோவுக்கு அது உடல் எடையின் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 4 மில்லிகிராம். இருபது கிலோ எடையுள்ள குழந்தைக்கு 80 மில்லிகிராம். வரம்புக்குட்பட்ட கேக்கில் நூறு கிராம் தின்றால் உள்ளே போவது பத்து மில்லிகிராம்தான். ஆகவே ஒரு துண்டு கேக் தின்ற பிள்ளையைப் பார்த்து அலறவேண்டியதில்லை. ஆனால் எரித்ரோசினுக்கு அதே குழு தரும் அளவு கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் மட்டுமே. அதே குழந்தைக்கு நாளொன்றுக்கு 2 மில்லிகிராம். கிலோவுக்கு 100 மில்லிகிராம் எரித்ரோசின் கொண்ட இனிப்பில் இருபது கிராம் தின்றாலே அது நிரம்பிவிடும். ஒரே அழுத்தமான இரண்டு நிறங்களுக்கு நடுவே நாற்பது மடங்கு வேறுபாடு இருக்கிறது. கண்ணுக்கு அது தெரியாது. எனவேதான் ‘எவ்வளவு’ என்பதற்கு முன் ‘எது’ என்று கேட்கச் சொல்கிறேன். பொட்டலமிட்ட பிஸ்கட்டிலும் கேக்கிலும் இந்தப் பெயர்களுக்கு மாற்றாக எண்கள் இருக்கும்: 102 டார்ட்ராசின், 110 சன்செட் யெல்லோ, 122 கார்மோசின், 124 பான்சோ, 127 எரித்ரோசின். இந்த ஐந்து எண்களை நினைவில் வைத்தால் போதும்.

ஒரே குழந்தை மாலையில் சிவந்த மஞ்சூரியனும், இரவில் கபாபும், பிறந்தநாள் வீட்டில் கேக்கும், நடுவில் மிட்டாயும் தின்னும்போது கணக்கு கூடிக்கொண்டே போகிறது. சமைத்த உணவில் செயற்கை நிறத்துக்கு இடமில்லை என்ற விதியின் நியாயத்தை நான் இங்கேதான் காண்கிறேன். நிறத்தை எப்போதாவது தின்னும் இனிப்போடு நிறுத்தினால் மொத்தக் கணக்கு கைக்குள் இருக்கும். நாள்தோறும் வயிறு நிரம்பத் தின்னும் உணவுக்குள் அது நுழைந்துவிட்டால், நூறு மில்லிகிராம் என்ற வரம்பும் தன் பொருளை இழந்துவிடும். ஷிப்ட் முடிந்து பசியோடு வரும் தொழிலாளிக்கு மஞ்சூரியன் தின்பண்டமன்று. பல நாட்களில் அதுவே அவர் இரவு உணவு.

ஐயம் உறுதிப்பட்டால் செய்யக்கூடியது ஒன்று சட்டத்திலேயே இருக்கிறது, பலர் அறியாதது. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40ஆம் பிரிவின்படி, வாங்குபவரே கட்டணம் செலுத்தி உணவைப் பகுப்பாய்வாளரிடம் கொடுத்து அறிக்கை பெறலாம். பகுப்பாய்வுக்கு அனுப்பும் எண்ணத்தை வாங்கும்போதே கடைக்காரரிடம் தெரிவிக்க வேண்டும். உணவு விதிமீறியது என்று அறிக்கை சொன்னால் கட்டணத்தைத் திரும்பப் பெறும் உரிமையும் உண்டு. மகாராஷ்டிரத்தில் இதற்குரிய துறை உணவு மற்றும் மருந்து நிர்வாகம். தெருமுனையில் கூச்சலிடுவதைக் காட்டிலும் அதன் புணே அலுவலகத்துக்கு ஒரு எழுத்துவழிப் புகார் பயனளிக்கும்.

துறையிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. மாதிரி எடுப்பதும் அபராதம் விதிப்பதும் தேவைதான். ஆனால் அச்சில்லாத சாயப்பொடி மொத்தக் கடையில் மடித்துக் கொடுக்கப்படும்வரை, கடைசியாக அதைத் தூவிய தள்ளுவண்டிக்காரரை மட்டும் பிடிப்பது நீரின் வாயை விட்டு வாலைப் பிடிப்பதாகும். பொடி விற்கும் இடத்தை முதலில் சோதியுங்கள். பேக்கரிகளுக்கு உரிமம் புதுப்பிக்கும்போது கரைசலும் சிரிஞ்சும் வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். கபாப், பஜ்ஜி, மஞ்சூரியன் கடைகளில் சாயப்பொட்டலம் இருப்பதையே குற்றத்தின் அறிகுறியாகக் கொள்ளுங்கள். அந்த அடுப்படியில் அதற்கு வேறு வேலையில்லை.

வாங்குவோராகிய நம் பங்கும் சிறிதன்று. கர்நாடகம் கோபி மஞ்சூரியனைத் தடைசெய்யவில்லை, நிறத்தைத்தான் தடைசெய்தது. சாயமில்லாத மஞ்சூரியன் சோயா சாஸின் பழுப்பில் இருக்கும்; சாயமில்லாத கபாப் மங்கிய செம்பழுப்பில், அங்கங்கே கரியோடு இருக்கும். அதைப் பார்த்து “பழசா?” என்று கேட்டு அடுத்த கடைக்கு நகர்பவர்கள் நாம்தான். நம் கேள்வியைக் கேட்டே கடைக்காரர் பொட்டலத்தைப் பிரிக்கிறார். அடுத்த முறை ரஞ்சன்காவிலோ வேறெங்கோ அந்த மங்கிய நிறக் கபாபைப் பார்த்தால், விலையைக் கேட்டு வாங்குங்கள். காஷ்மீரி மிளகாய் சாயத்தைவிட விலை கூடியது என்பதால் ஐந்து பத்து ரூபாய் அதிகம் சொன்னாலும் கொடுங்கள். சிவந்த கபாபை விற்பவரிடம் “கலர் போடாமல் ஒரு பிளேட் கிடைக்குமா?” என்று கேளுங்கள். ஒரு மாலையில் பத்துப் பேர் அப்படிக் கேட்டால், அடுத்த வாரம் அந்தக் கடையில் கலர் போடாத ஒரு தட்டு தனியாக இருக்கும்.